ஆறாவது லெவலில் மட்டும் கிராஷ்: சேவ் ஃபைலா, கிராபிக்ஸ் செட்டிங்கா?

வெள்ளாம்பல்

எல்லோருக்கும் வணக்கம். அன்ரியல் இன்ஜின் 4-இல் ஒரு சின்னக் குழு செய்த கேம் விளையாடிக்கொண்டிருக்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை. பிழை யார் பக்கம் என்று தெரிந்த பிறகு அவர்களுக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் ஐந்து லெவலும் மணிக்கணக்கில் விளையாடினேன், ஒரு தடங்கலும் இல்லை. ஆறாவது லெவல் ஒரு பழைய சுரங்கம். அதில் லிஃப்ட்டில் இறங்கி, கீழே பம்ப் ஹாலுக்குள் நுழையும்போது கேம் அப்படியே உறைகிறது. சத்தம் மட்டும் ஒரே துண்டாகத் திரும்பத் திரும்ப ஓடும். அப்புறம் திரை கறுத்து, இந்தப் பெட்டி வருகிறது:

```
Unreal Engine is exiting due to D3D device being lost.
(Error: 0x887A0006 - 'HUNG')
```

விண்டோஸ் 10, 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1920×1080, எல்லா செட்டிங்கும் உச்சத்தில். புது டிரைவர் போட்டாயிற்று, ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கவும் விட்டாயிற்று. அந்த ஹாலைத் தாண்ட வேண்டும். ஆனால் ஏன் விழுகிறது என்று தெரிந்துகொள்வதில்தான் எனக்கு அதிக ஆர்வம்.

இரவுப்பூனை

சேவ் கெட்டுப்போயிருக்கும் ப்ரோ. எனக்கு வேறு ஒரு கேமில் இதே மாதிரி ஒரே இடத்தில் விழுந்தது. சேவை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன், சரியாகிவிட்டது. ஐந்து லெவல்தானே, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

மழைக்காகம்

எனக்கும் இதே பிரச்சினை! கேம் வேறு. அரை மணி நேரம் ஓடினால் போதும், எந்த லெவலாக இருந்தாலும் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. பெட்டி, செய்தி எதுவும் கிடையாது. சூடுதான் காரணம் என்று நண்பர் சொன்னார், ஃபேனைத் துடைத்துப் பார்த்தேன், பலனில்லை. உங்கள் கார்டு எத்தனை டிகிரி போகிறது?

பழைய டெஸ்டர்

மழைக்காகம், உங்களுடையதும் இதுவும் ஒன்றல்ல. உங்களுக்கு நேரம் ஆக ஆக விழுகிறது, இவருக்கு ஓர் இடத்துக்குப் போனால் விழுகிறது. முன்னதில் நினைவகக் கசிவு, சூடு, ராம், பவர் சப்ளை பக்கம் போக வேண்டும். பின்னதில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

வெள்ளாம்பல், தயவுசெய்து சேவை அழிக்காதீர்கள். இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். புதிதாக ஆரம்பித்துக் கிராஷ் வராமல் போனால்கூட, சேவால் போயிற்றா, இடையில் வேறு ஏதாவது மாறியதா என்று சொல்ல முடியாது. வந்தால் ஒரு வார இறுதி வீண்.

முதலில் ஸ்டீமில் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் க்ளவுட் சேவை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் பழைய சேவை வைத்தாலும் க்ளவுட் புதியதை மேலே எழுதிவிடலாம், எதைச் சோதித்தோம் என்றே தெரியாது. பிறகு இந்த ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு நகலெடுங்கள்:

```
%LOCALAPPDATA%\<கேமின் பெயர்>\Saved\SaveGames
```

ஒவ்வொரு சோதனைக்கும் முன் அந்த நகலையே திரும்ப வையுங்கள். லிஃப்ட் அடியில் ஆட்டோசேவ் எழுதிவிட்டால், அடுத்த முறை லோட் செய்ததுமே ஹாலில் நிற்பீர்கள். அப்போது "சேவ் லோட் ஆனாலே கிராஷ்" என்று தோன்றும். பார்த்தால் சேவ் மேல் பழி, உண்மையில் அதே ஹால்தான்.

இனி மூன்று சோதனை. ஒன்று, ஐந்தாவது லெவல் முடிவில் எடுத்த பழைய சேவ் இருந்தால் அதிலிருந்து நடந்து போய்ப் பாருங்கள். இரண்டு, மெனுவில் லெவலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஆறாவதை நேரடியாகத் தொடங்குங்கள். அதில் உங்கள் பழைய சேவின் பொருள்களோ முடித்த வேலைகளோ ஒன்றும் வராது. மூன்று, லிஃப்ட்டுக்கு மேலேயே கேமை ஓடவிட்டுச் சும்மா நில்லுங்கள். எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் பார்க்கும்போது விழுகிறது என்பதையும் கவனியுங்கள்.

வெள்ளாம்பல்

நன்றி அண்ணா. செய்து பார்த்துவிட்டேன்.

பழைய சேவிலிருந்து போனால் அதே ஹாலில் விழுகிறது. லெவல் தேர்விலிருந்து தொடங்கினாலும் அதே இடம்தான். லிஃப்ட்டுக்கு மேலே நிற்கவிட்டுவிட்டுச் சமையலை முடித்து வந்தேன், கேம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கீழே போனால் மட்டும்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். இறங்கும்போது லிஃப்ட்டின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் விழவில்லை. கீழே வந்து கதவு திறந்த பிறகும், சுவரைப் பார்த்து நிற்கும் வரை ஒன்றும் ஆவதில்லை. ஹால் பக்கம் திரும்பினால் உறைகிறது. சில முறை திரும்பியதுமே, சில முறை கொஞ்ச தூரம் நடந்த பிறகு. ஹாலில் வரிசையாக மஞ்சள் விளக்குகள், ஒவ்வொன்றையும் சுற்றி அடர்ந்த புகைமூட்டம். பார்க்க மிக அழகான இடம், அதனால்தான் வருத்தமாக இருக்கிறது.

பழைய டெஸ்டர்

அந்தச் சுவர் விஷயம் பாதி வேலையை முடித்துவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கேமின் விதிகள், எதிரிகள், சேவ், சத்தம் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் ஓடும். மாறுவது திரையில் வரையப்படுவது. பழைய சேவ் இல்லாத தொடக்கத்திலும் விழுவதால் சேவை விட்டுவிடலாம்.

உறைந்து, சத்தம் சுற்றி, பிறகு கறுப்பது விண்டோஸின் வேலை. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் டிரைவரை மீட்டுத் தொடங்கும். கேம் பாவம், அதன் கையில் இருந்த சாதனம் போய்விட்டது என்று சொல்லி மூடிக்கொள்கிறது. ஈவென்ட் வியூவரில் System பகுதியில், கிராஷ் ஆன அதே நிமிடத்தில், Display என்ற பெயரில் 4101 எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உறுதி.

இரவுப்பூனை

அப்படியென்றால் விஆர்ஏஎம் நிரம்பியிருக்கும். 6 ஜிபியில் எல்லாம் உச்சத்தில் வைத்தால் எப்படித் தாங்கும்? டெக்ஸ்ச்சரைக் குறையுங்கள், முடிந்தது.

கணியன்

அது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். விஆர்ஏஎம் பற்றாக்குறை மொத்தச் சுமையால் வருவது. எதைக் குறைத்தாலும் கொஞ்சம் சரியாகும், ஒன்றின் மேல் மட்டும் குற்றம் நிற்காது. ஒரு குறிப்பிட்ட எஃபெக்ட்டின் பிழை என்றால், அதை மட்டும் எடுத்தால் போய்விடும், மற்ற எதைக் குறைத்தாலும் போகாது. எனவே முதலில் டெக்ஸ்ச்சரை மட்டும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள், மற்றவை உச்சத்தில். பிறகு தலைகீழாக: டெக்ஸ்ச்சர் உச்சம், மற்ற எல்லாம் அடிமட்டம்.

மெனுவில் செய்யாமல் ஃபைலில் செய்யுங்கள். மெனுவில் ஒன்றை மாற்றினால் சில கேம்களில் ப்ரீசெட் வேறு சிலதையும் சேர்த்து மாற்றிவிடும். `Saved\Config\WindowsNoEditor\GameUserSettings.ini` என்ற ஃபைலில் இந்தப் பகுதி இருக்கும்:

```
[ScalabilityGroups]
sg.ViewDistanceQuality=3
sg.AntiAliasingQuality=3
sg.ShadowQuality=3
sg.PostProcessQuality=3
sg.TextureQuality=3
sg.EffectsQuality=3
sg.FoliageQuality=3
```

0 அடிமட்டம், 3 உச்சம். கேமை மூடிவிட்டு மாற்றுங்கள். மாற்றியதும் ஃபைலை ரீட் ஒன்லி ஆக்குங்கள், இல்லாவிட்டால் கேம் வெளியேறும்போது தன் இஷ்டப்படி எழுதிவிடும்.

டெக்ஸ்ச்சர் இல்லை என்று ஆனால், மீதி ஆறை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பாதி 3, மறுபாதி 0. எந்தப் பாதி 3-இல் இருக்கும்போது விழுகிறதோ அதை மறுபடி பிரியுங்கள். ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட வேகமாக முடியும். இரண்டு பாதியிலும் விழவில்லை, எல்லாம் 3 என்றால் மட்டும் விழுகிறது என்றால் நிறுத்துங்கள். அது இரண்டு செட்டிங் சேர்ந்து செய்யும் வேலை, அப்போது இரவுப்பூனை சொன்ன மொத்தச் சுமைக்குத் திரும்ப வேண்டும்.

பழைய டெஸ்டர்

ஒரு எச்சரிக்கை. இவருக்குச் சில முறை திரும்பியதுமே விழுகிறது, சில முறை நடந்த பிறகு. அதாவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இல்லை. விழுந்தால் அது உறுதியான பதில், ஒரு முறையே போதும். விழாவிட்டால் அது பாதிப் பதில்தான். பாதிக்குப் பாதி விழும் கிராஷ் என்றால், பிழை இருந்தும் ஒரு முறை தப்பிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து நான்கு முறை தப்பிக்க 16-இல் ஒன்று. எனவே "விழவில்லை" என்று எழுதுவதற்கு முன் ஹாலை முழுக்க நடந்து, வெளியே வந்து, கேமை மூடித் திறந்து, மறுபடி மறுபடி பாருங்கள். பாதிப் பிரிப்பில் ஒரு தவறான "விழவில்லை" வந்தால், அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே தவறான பாதியில் தேடுவதாகிவிடும்.

மழைக்காகம்

இவ்வளவு செய்வதற்கு எல்லாவற்றையும் குறைத்து வைத்து அந்த ஒரு லெவலைத் தாண்டிவிடலாமே? தாண்டிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

வெள்ளாம்பல்

தாண்டலாம்தான். ஆனால் ஏழாவது லெவலில் அதே மாதிரி ஒரு ஹால் வந்தால் மறுபடி இதே கதைதானே. அதோடு, "எல்லாம் குறைத்தால் விழாது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் கேம் செய்தவர்கள் எங்கே தேடுவார்கள்?

சோதனை முடிவு. ஈவென்ட் வியூவரில் 4101 இருக்கிறது, ஒவ்வொரு கிராஷுக்கும் ஒன்று. டெக்ஸ்ச்சர் மட்டும் 0 வைத்தால் விழுகிறது. டெக்ஸ்ச்சர் 3, மற்றவை 0 என்றால் பல முறை பார்த்தும் விழவில்லை. பிரித்துக்கொண்டே போனதில் `sg.ShadowQuality` வரியில் வந்து நின்றது. அது மட்டும் 3, மற்ற எல்லாம் 0 என்றால் விழுகிறது. அது மட்டும் 2, மற்ற எல்லாம் 3 என்றால் விழவில்லை.

ஆக நிழல்தான் காரணமா? ஆனால் அந்த ஹாலில் நிழல் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலாவது லெவலில் வெயிலும் மரங்களுமாக நிழல் இதைவிடப் பல மடங்கு, அங்கே ஒரு முறைகூட விழவில்லை.

இரவுப்பூனை

ஒன்றே ஒன்று மட்டும் 3 என்றாலும் விழுகிறதா? அப்போது விஆர்ஏஎம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நிழலை 2-இல் வைத்து விளையாடுங்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கணியன்

வெள்ளாம்பலின் சந்தேகம் சரியானது. அந்த வரியின் பெயர் நிழல், ஆனால் அதற்குள் நிழல் மட்டும் இல்லை. அன்ரியல் 4-இன் வழக்கமான அமைப்பில் வால்யூமெட்ரிக் ஃபாக், அதாவது நீங்கள் விளக்கைச் சுற்றிப் பார்த்த அந்தப் புகைமூட்டம், இந்த ஷேடோ குழுவுக்குள்தான் வருகிறது. 0-இலும் 1-இலும் அது அணைந்திருக்கும். 2-இல் எரியும், 3-இல் அடர்த்தி கூடும். கேம் செய்தவர்கள் மாற்றியிருக்கலாம், ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை.

எவ்வளவு கூடும் என்று பாருங்கள். இந்த ஃபாக் திரைக்கு முன்னால் உள்ள வெளியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று கணக்கிடுகிறது. 2-இல் ஒரு பெட்டி 16 பிக்சல் அகலம், ஆழத்தில் 64 அடுக்கு. 1920×1080 திரைக்குச் சுமார் 5.2 லட்சம் பெட்டி. 3-இல் 8 பிக்சல், 128 அடுக்கு, அதாவது சுமார் 41.5 லட்சம். எட்டு மடங்கு. கண்ணுக்குத் தெரியும் விளக்குகளின் ஒளியை அந்தப் பெட்டிகளில் சேர்க்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்றால் விளக்குகள் பார்வைக்குள் இல்லை, வேலை குறைவு. உங்கள் லிஃப்ட் கதைக்கும் இது பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதற்காக நம்ப வேண்டாம். நிழலையும் ஃபாக்கையும் பிரித்துவிடலாம். ஷேடோவை 3-இல் வைத்துவிட்டு, அதே ஃபோல்டரில் உள்ள `Engine.ini` ஃபைலின் கடைசியில் இதைச் சேருங்கள்:

```
[SystemSettings]
r.VolumetricFog=0
```

இங்கே எழுதுவது ஷேடோ குழு சொல்வதை மீறி நிற்கும். முதலில் ஐந்தாவது லெவலில் எங்காவது புகை போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். சில கேம்கள் இந்த ஃபைலைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படியானால் உங்கள் சோதனையில் ஒன்றுமே மாறியிருக்காது.

பழைய டெஸ்டர்

இதன் மறுபக்கத்தையும் செய்யுங்கள். ஃபாக்கை எடுத்தால் நிற்கிறது என்பது பாதிதான். நிழலை முழுக்க எடுத்துவிட்டு ஃபாக்கை மட்டும் உச்சத்தில் வைத்து, அப்போதும் விழுந்தால்தான் முழுமை:

```
[SystemSettings]
r.VolumetricFog=1
r.VolumetricFog.GridPixelSize=8
r.VolumetricFog.GridSizeZ=128
```

வெள்ளாம்பல்

ஐந்தாவது லெவலில் ஒரு கிடங்கு இருக்கிறது, சன்னல் வழியே ஒளிக்கற்றை விழும். ஃபாக்கை 0 ஆக்கியதும் அந்தக் கற்றை மறைந்துவிட்டது, ஆக ஃபைல் வேலை செய்கிறது.

ஷேடோ 3, ஃபாக் 0: ஹால் முழுக்கச் சுற்றினேன், மூடித் திறந்தும் பார்த்தேன். விழவில்லை. ஹால் மொட்டையாக இருந்தது, ஆனால் விழவில்லை.

ஷேடோ 0, ஃபாக் 8/128: கதவு திறந்து திரும்பியதும் உறைந்தது. நிழல் என்று ஒன்றே இல்லாத ஹாலில்!

ஷேடோ 3, ஃபாக் 16/64: விழவில்லை. புகையும் இருக்கிறது. விளக்குக்கு அருகே போய் உற்றுப் பார்த்தால் புகையின் ஓரம் லேசாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, நடக்கும்போது கொஞ்சம் மினுங்குகிறது. அவ்வளவுதான். இப்படியே விளையாடி ஹாலைத் தாண்டிவிட்டேன்.

இனி என் கேள்வி: கார்டு திணறுகிறதா, அல்லது எங்கோ மாட்டிக்கொள்கிறதா? ஐந்தாவது லெவலிலும் இதே ஃபாக்தானே, அங்கே ஏன் ஒன்றும் இல்லை?

இரவுப்பூனை

ரெஜிஸ்ட்ரியில் TdrDelay என்று ஒன்று உண்டு, அந்த 2 விநாடியைக் கூட்டலாம். 60 போட்டுவிடுங்கள், கிராஷே வராது.

பழைய டெஸ்டர்

தீர்வாக வேண்டாம். 60 போட்டால், கார்டு உண்மையிலேயே மாட்டிக்கொண்ட நேரத்தில் ஒரு நிமிடம் திரை முழுக்கச் செத்துக் கிடக்கும். ஆனால் வெள்ளாம்பலின் கேள்விக்கு அது நல்ல சோதனை. `HKLM\SYSTEM\CurrentControlSet\Control\GraphicsDrivers` கீழே TdrDelay என்ற DWORD, மதிப்பு 10 (டெசிமல்), பிறகு ரீஸ்டார்ட். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது என்றால், திரை சில விநாடி நின்றுவிட்டு மேலே ஓடும். 10 விநாடி கழித்தும் அதே பெட்டி வந்தால் அது முடியவே போவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பார்த்த பிறகு அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

வெள்ளாம்பல்

பார்த்தேன். நீண்ட நேரம் உறைந்து நின்று, அதே பெட்டி, அதே 0x887A0006. நீக்கிவிட்டேன்.

கார்டு கடையிலிருந்தே கூடுதல் வேகத்தில் வந்தது, அதனால் கோர் க்ளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தும் பார்த்தேன். மாற்றமில்லை. ஒரு பழைய டிரைவரிலும் அதேதான்.

இரவுப்பூனை

என்னிடமும் இந்த கேம் இருக்கிறது என்று நினைக்கிறேன், அந்தச் சுரங்க லெவல்தானே? என் கார்டு வேறு கம்பெனி, 8 ஜிபி. உங்கள் சேவை அனுப்புங்கள்.

அனுப்பியதற்கு நன்றி. எல்லாம் 3, ஹாலை நிறையச் சுற்றிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரேம் ரேட் மட்டும் அந்த ஹாலில் நன்றாகவே விழுகிறது.

கணியன்

அப்படியானால் சேவ் முழுக்க வெளியே, அது இரண்டாவது முறையாக உறுதி. மீதி இருப்பது உங்கள் வகைக் கார்டில் அந்த ஃபாக் ஷேடர் நடந்துகொள்ளும் விதம், அல்லது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கார்டு. ஐந்தாவதில் ஏன் இல்லை என்பதற்கு என் ஊகம் விளக்குகளின் எண்ணிக்கை. கிடங்கில் ஒரே ஒரு வெயில், ஹாலில் பல விளக்கு ஒரே நேரத்தில் பார்வைக்குள். இதை நம் பக்கத்திலிருந்து சோதிக்க முடியாது. லெவலைத் திறந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கக்கூடியவர்கள் அதைச் செய்தவர்கள்தான்.

பழைய டெஸ்டர்

ஊகம் சரியாக இருக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டில் அதை ஊகம் என்றே எழுதுங்கள். பார்த்ததை மேலே, நினைப்பதைக் கீழே. `Saved\Crashes` ஃபோல்டரில் ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் சேவையும் இணையுங்கள்.

வெள்ளாம்பல்

அனுப்பியது இதுதான், சுருக்கமாக: லெவல் 6, பம்ப் ஹால், லெவல் தேர்விலிருந்து தொடங்கினாலும் வரும். லிஃப்ட் கதவு திறந்ததும் ஹால் பக்கம் திரும்பவும். ஃபாக் 8/128 என்றால் நிழல் அணைந்திருந்தாலும் விழும், 16/64 என்றால் விழாது. TdrDelay 10 வைத்தும் அதே செய்தி. வேறு கம்பெனி கார்டில் இதே சேவுடன் வரவில்லை. கீழே தனியாக, விளக்குகளின் எண்ணிக்கை என்ற ஊகம்.

பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

மழைக்காகம்

என் இழையில் பழைய டெஸ்டர் சொன்னபடி, மெனுவிலேயே கேமை நிறுத்திவைத்துப் பார்த்தேன். அங்கேயும் அரை மணியில் விழுகிறது. டாஸ்க் மேனேஜரில் ராம் ஏறிக்கொண்டே போகிறது. மீதியை அங்கே எழுதுகிறேன்.

பழைய டெஸ்டர்

வெள்ளாம்பலின் அதே தலைமுறைக் கார்டு வைத்திருப்பவர் யாராவது இந்த கேம் விளையாடுகிறீர்களா? அந்தச் சேவை ஷேடோ 3-இல் ஓட்டிச் சொன்னால், கார்டின் வகையா, அவரிடம் இருக்கும் அந்த ஒரு கார்டா என்பது தெரிந்துவிடும்.